கேட்டது பத்தரை, கொடுத்தது எட்டு அறுபது: ஒரு சம்பளப் பேச்சின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் வாகன உதிரி பாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் 2025 ஜூன் மாதம் நடந்தது இது. அங்கே ஆட்சேர்ப்பைப் பார்க்கும் எச்.ஆர். அதிகாரிக்கும், தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவருக்கும் இடையே இரண்டு தொலைபேசி உரையாடல்கள் நடந்தன. முதலாவது கசப்பில் முடிந்தது. இரண்டாவதில் ஊதியக் கட்டமைப்பைக் கவனிப்பவன் என்ற முறையில் நானும் இருந்தேன். அது விண்ணப்பதாரருக்கும் தெரியும். இருவர் சம்மதத்தோடும் எழுதுகிறேன். அடையாளம் தரும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை மாற்றவில்லை.

பின்னணி

விண்ணப்பதாரருக்கு ஆறு ஆண்டு அனுபவம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 2021 பிப்ரவரியிலிருந்து வேலை. சி.எம்.எம். என்று சொல்லப்படும் முப்பரிமாண அளவீட்டு இயந்திரத்துக்கு அவரே புரோகிராம் எழுதுவார். அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் கோவையில் நிறையப் பேர் உண்டு. வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகப் புரோகிராம் எழுதுபவர்கள் குறைவு. அதனால் தொழில்நுட்பச் சுற்று முடிந்ததுமே ஆலை மேலாளர் இவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய அப்போதைய சி.டி.சி., அதாவது நிறுவனம் ஒருவருக்காக ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு, 7.8 லட்சம். விண்ணப்பப் படிவத்தில் எதிர்பார்ப்பு 10.5 லட்சம் என்று எழுதியிருந்தார். அந்தத் தொகையைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை. எழுத்துத் தேர்வு, இரண்டு நேர்காணல், ஆலையைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் முடிந்தன. அதன் பிறகுதான் 8.6 லட்சம் என்ற ஆஃபர் போனது.

இந்த வேலை வரும் படிநிலைக்கு நிறுவனத்தில் 7.4 லட்சம் முதல் 9.8 லட்சம் வரை வரம்பு. அதாவது அவர் கேட்டது வரம்புக்கே வெளியில். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பல நிறுவனங்களைப் போல இங்கும் வரம்பைச் சொன்னால் எல்லாரும் மேல் எல்லையைத்தான் கேட்பார்கள் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் சொல்லாமல் விட்டதற்கான விலை கடைசிச் சுற்றில்தான் தெரியவந்தது.

முதல் உரையாடல்

அதிகாரியின் குறிப்பையும், விண்ணப்பதாரர் பிறகு அனுப்பிய மின்னஞ்சலையும் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

"மேடம், நான் பத்தரை கேட்டிருந்தேன். ரெண்டு லட்சம் குறையுதே?"

"இந்த ரோலுக்கு பட்ஜெட் அவ்வளவுதான் சார். கம்பெனி பாலிசி."

"என் ஸ்கில்லுக்கு இது சரின்னு நினைக்கிறீங்களா?"

"உங்க சி.டி.சி. மேல பத்து சதவீதம் ஏத்தித்தானே கொடுக்கறோம். இன்னொண்ணு, நீங்க சொந்த ஊருக்கு வர்றீங்க. வீட்லயே இருந்துக்கலாம். வாடகை மாசம் பன்னண்டாயிரம் மிச்சம் ஆகுமே?"

"எங்க அப்பா கட்டுன வீட்டை எதுக்கு மேடம் உங்க ஆஃபர்ல சேர்க்கறீங்க?"

அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் வந்த மின்னஞ்சலில், சென்னையில் இன்னொரு நிறுவனம் 9.9 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறது, 10 லட்சத்துக்குக் கீழ் என்றால் வருவதற்கில்லை என்று எழுதியிருந்தார்.

அதிகாரி பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன மூன்று காரணங்களில் இரண்டு காரணமே அல்ல. பட்ஜெட் என்பது முடிவின் பெயர். அந்த முடிவு எப்படி வந்தது என்று அது சொல்வதில்லை. வாடகை மிச்சம் என்பது விண்ணப்பதாரரின் குடும்பம் தருவது, நிறுவனம் தருவதல்ல. மூன்றாவதான பத்து சதவீத உயர்வு கணக்கில் சரி. ஆனால் இரண்டு நிறுவனங்களின் சி.டி.சி.யை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதே தவறான ஒப்பீடு என்பது பின்னால் தெரிந்தது.

உண்மையான காரணத்தை அவர் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அதே வேலையில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டு அனுபவம். அவர்களின் சம்பளம் 8.1 லட்சத்துக்கும் 8.9 லட்சத்துக்கும் இடையில். புதிதாக வருபவரைப் பத்துக்கு எடுத்தால் மூவருக்கும் மேலே போய்விடுவார். 8.6 என்ற எண் அங்கிருந்துதான் வந்தது.

இரண்டாவது உரையாடலுக்கு முன் எடுத்த முடிவுகள்

மின்னஞ்சலைப் பார்த்ததும் ஆலை மேலாளர் 9.5 கொடுத்து முடித்துவிடலாம் என்றார். வரம்புக்குள் இருக்கும் தொகைதான், தடுக்க விதி எதுவும் இல்லை. நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் அந்த மூவர். சம்பளம் ரகசியம் என்று எந்தக் கடிதத்தில் எழுதினாலும், ஷிப்ட் முடிந்து டீக்கடைக்குப் போகும் வரைதான் அது ரகசியம்.

அதற்குப் பதிலாக மூன்று முடிவுகள். மூவரின் பெயரையும் தனித்தனித் தொகையையும் சொல்லாமல், எந்த எல்லைக்குள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அதிகாரி சொல்லலாம் என்று எச்.ஆர். தலைவரிடம் அனுமதி வாங்கினோம். அடுத்து, சி.டி.சி.யை விட்டுவிட்டு மாதம் கைக்கு வரும் தொகையைப் பற்றிப் பேசுவது. அதற்காக அவருடைய சம்பளச் சீட்டைப் பிரிவு வாரியாகக் கேட்டு வாங்கினோம். மூன்றாவதாக, பத்தரை என்ற எண் எப்படி வந்தது என்பதை அவரிடமே கேட்பது. இவ்வளவு நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

சம்பளச் சீட்டு சொன்னது

7.8 லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் 40 சதவீதம், மாதம் 26,000. வேரியபிள் பே என்ற பெயரில், முழுதாக வரும் என்று உறுதியில்லாத தொகை ஆண்டுக்கு 78,000 தனியே நின்றது. நிறுவனம் கட்டும் பி.எஃப்., வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுட்டிக்கு ஒதுக்கும் தொகை, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மூன்றும் சி.டி.சி.க்குள்ளேயே இருந்தன. இவற்றையும், அவர் பங்கு பி.எஃப்., தொழில் வரி ஆகியவற்றையும் கழித்தால் மாதம் கைக்கு வந்தது சுமார் 49,800.

எங்கள் 8.6 லட்சத்தில் வேரியபிள் கிடையாது. காப்பீடு சி.டி.சி.க்கு வெளியில். அடிப்படைச் சம்பளம் 50 சதவீதம் என்பதால் பி.எஃப். பிடித்தம் கூடுதல், இருந்தும் கைக்கு வருவது சுமார் 61,100. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி வராது என்பதால் இரண்டு பக்கமும் வரி பூஜ்யம், ஒப்பிடுவது எளிதாக இருந்தது. ஆக, சி.டி.சி.யில் 10 சதவீதமாகத் தெரிந்த உயர்வு கைச் சம்பளத்தில் 23 சதவீதம்.

அதிகாரிக்கு இந்த எண் கிடைத்ததில் மகிழ்ச்சி. இதைத்தான் முதலில் எடுத்து வைப்பேன் என்றார். நான் கடைசியில் வைக்கச் சொன்னேன். நமக்குச் சாதகமான கணக்கை முதலில் எடுத்தால், அடுத்து வருவதையெல்லாம் எதிரில் இருப்பவர் விற்பனைப் பேச்சாகத்தான் கேட்பார்.

இரண்டாவது உரையாடல்

அதிகாரி வாடகைப் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்துத் தொடங்கினார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஆஃபர் உங்க எதிர்பார்ப்பை விடக் குறைவுதான் சார், அதை மறுக்கல. ஏன்னு சொல்றேன். இதே வேலையில, உங்க அளவு அனுபவத்துல இருக்கறவங்க இங்க 8.1ல இருந்து 8.9 வரைக்கும் வாங்கறாங்க. உங்களை அந்த எல்லைக்கு நடுவுக்குக் கொஞ்சம் மேல வெச்சிருக்கோம்."

"அவங்களுக்குக் குறைச்சுக் கொடுத்தா அதுக்கு நான் என்ன மேடம் பண்ண முடியும்?"

இது நியாயமான கேள்வி. ஒரே வேலையில் இருப்பவர்களின் சம்பளம் ஒன்றுக்கொன்று பொருந்தி இருப்பதை உள்சமநிலை என்போம், அது நிறுவனத்தின் பிரச்சினைதான்; விண்ணப்பதாரர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அதிகாரி மழுப்பவில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அது எங்க பிரச்சினைதான். ஆனா உங்களை ஒன்பதரைக்கு எடுத்தா அந்த மூணு பேருக்கும் ஏத்தணும். அந்த முடிவு ஏப்ரல்லதான் எடுப்பாங்க, இப்ப எனக்கு அதுக்கு அதிகாரம் இல்ல. ஏத்தாம உங்களை மட்டும் எடுத்தா, உங்களுக்கு வேலை சொல்லித்தர வேண்டியவங்களே உங்க மேல வருத்தத்துல இருப்பாங்க."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர், "சரி, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அடுத்துக் கைச் சம்பளக் கணக்கு. அதிகாரி 23 சதவீதம் என்று சொன்னதும் அவர் நிறுத்தினார்.

"வேரியபிளை விட்டுட்டீங்க. போன வருஷம் 78ல எனக்கு 52 ஆயிரம் வந்துச்சு. அதையும் மாசத்துக்குப் பிரிச்சா இப்பவே 54,100 ஆகுது. அப்படிப் பார்த்தா நீங்க ஏத்தறது 13 சதவீதம்தான். அங்க பஸ் ஃப்ரீ, இங்க பஸ் இல்ல."

கணக்கு சரி. அதிகாரி ஒப்புக்கொண்டார், 13 என்றே வைத்துப் பேசலாம் என்றார். என் கருத்தில் பேச்சு திசை மாறியது இந்த இடத்தில்தான். தன் எண்ணைத் திருத்திக்கொள்ளும் ஆளிடம், அவரும் தன் எண்ணைத் திறந்து காட்டத் தயாரானார். சென்னை ஆஃபர் கடிதத்தை அவரே வாசித்தார்: 9.9 லட்சம், அதில் 15 சதவீதம் வேரியபிள், காப்பீடு உள்ளே, அடிப்படை 40 சதவீதம். அதிகாரி உடனே கணக்கிட்டதில் கைக்கு மாதம் 59,400 அளவில் வந்தது, எங்களுடையதைவிடக் குறைவு. ஆனால் வேரியபிளில் 70 சதவீதம் வந்தால்கூட ஆண்டுக் கணக்கில் சென்னை எண்பதாயிரத்துக்கும் மேல் முந்தியது. அதையும் சேர்த்தே சொன்னார் அதிகாரி. வேரியபிள் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று அங்கே கேளுங்கள், அதுதான் உங்களுக்கு முக்கியம் என்றும் சொன்னார்.

அதன் பிறகு அந்தக் கேள்வி.

"பத்தரைன்னு எழுதினீங்களே, அந்த நம்பர் எப்படி வந்துச்சு சார்?"

"மாறினா முப்பது சதவீதமாவது கேட்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. அதுவே பத்தே கால் கிட்ட வந்துருச்சு. அப்புறம் எனக்கு கிராஜுட்டி போகுது. இன்னும் எட்டு மாசம் இருந்தா அஞ்சு வருஷம். எழுபத்தஞ்சாயிரம். அதை விட்டுட்டு வரணும்னா சம்பளத்துலதானே பிடிக்கணும்?"

கிராஜுட்டி கணக்கு

அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டு கிராஜுட்டி சட்டப்படி ஐந்து ஆண்டு தொடர் பணி தேவைப்பட்டது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கடைசி அடிப்படை 26,000 என்றால் ஒரு ஆண்டுக்கு 15,000, ஐந்துக்கு 75,000. அவர் சொன்ன தொகை சரி.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதே சட்டத்தின் 2ஏ பிரிவின்படி, வாரம் ஆறு நாள் இயங்கும் இடத்தில் ஓர் ஆண்டுக்குள் 240 நாள் பணி செய்திருந்தால் அது ஓர் ஆண்டுத் தொடர் பணியாகக் கொள்ளப்பட்டது. ஐந்தாம் ஆண்டுக்கும் அது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2021 பிப்ரவரித் தொடக்கத்தில் சேர்ந்தவருக்கு நான்கு ஆண்டு 2025 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. அங்கிருந்து 240 நாள் அக்டோபர்த் தொடக்கத்தில் வரும். சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் இன்னும் தள்ளும், ஆகவே சில நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. எல்லா நிறுவனங்களும் இந்த விளக்கத்தைத் தாமாக ஏற்பதில்லை என்பதையும் அவரிடம் சொன்னோம். பழைய நிறுவனம் என்ன செய்யும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியாது.

ஒருமுறை ஏற்படும் இழப்பை ஆண்டுதோறும் வரும் சம்பளத்தில் கேட்டதால்தான் இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. நாங்கள் ஆகஸ்டில் சேரச் சொல்லியிருந்தோம். அக்டோபர் பிற்பகுதியில் சேர்ந்தால் இழப்பே இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. எழுபத்தையாயிரம் ஜாயினிங் போனஸ் என்ற வழியும் எங்களிடம் இருந்தது. ஆனால் ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதைக் கொடுப்போம்; அவர் அதை விரும்பவில்லை.

முடிவும் அதற்கான காரணமும்

சம்பளம் 8.6 லட்சத்திலேயே நின்றது. சேரும் தேதி அக்டோபருக்குப் போனது. இதில் ஆலை மேலாளருக்குச் சிக்கல் இருந்தது, ஏனென்றால் புதிய லைனுக்கான மாதிரிகள் செப்டம்பரில் போக வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்கு அளவீட்டுப் புரோகிராம்களை வெளியே ஒரு ஆய்வகத்தில் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கலாம் என்று அவரே வழி சொன்னார். அதற்கான செலவு, ஆண்டுதோறும் நால்வருக்கும் சம்பளம் ஏற்றுவதைவிடக் குறைவு.

தேதியை மாற்றியதில் இன்னொரு கண்ணி இருந்தது. எங்கள் விதிப்படி செப்டம்பர் 30க்குப் பிறகு சேர்பவர்களுக்கு அடுத்த ஏப்ரல் ஊதிய உயர்வு கிடையாது. கிராஜுட்டிக்காக அக்டோபரில் சேர்ந்தால் ஒரு முழு உயர்வை இழந்திருப்பார். கடிதம் தயாராகும்போது கண்டுபிடித்து, அவருக்கு விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்த்தோம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், ஏப்ரலில் அந்த வாக்குறுதியை நினைவில் வைத்திருக்கும் ஆள் அதே நாற்காலியில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

விண்ணப்பதாரர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். சென்னை நிறுவனத்தில் வேரியபிள் பற்றிக் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரவில்லை என்று சொன்னார். எங்கள் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

பின்னர் நடந்தவை

அவர் ஆகஸ்டில் ராஜினாமா கொடுத்து, அறுபது நாள் நோட்டீஸ் முடித்து, தீபாவளி முடிந்த வாரம் சேர்ந்தார். பழைய நிறுவனம் ஐந்து ஆண்டு முடியவில்லை என்று முதலில் கிராஜுட்டியை மறுத்தது. 2ஏ பிரிவையும் வேலை செய்த நாட்களின் கணக்கையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்த பிறகு கொடுத்தார்கள்.

இந்தப் பக்கம் நடந்தது அவ்வளவு சுமுகம் இல்லை. மூவரில் 8.1 வாங்கியவருக்கு, புதியவரின் சம்பளம் தன்னுடையதைவிடக் கூடுதல் என்று நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. அவர் வந்து கேட்டார். உள்சமநிலை என்ற காரணத்தைச் சொல்லி ஒருவருக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு, அதே காரணத்தை இவரிடம் மறுக்க முடியாது. ஏப்ரல் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே அவருக்கு 8.5 ஆக்கினோம். ஆஃபர் போடும்போதே இதற்கும் தொகை ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நிதிப் பிரிவு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எவை மாறின, எவை மாறவில்லை

படிவத்தில் எதிர்பார்க்கும் சம்பளம் என்ற ஒற்றைக் கட்டம் போய்விட்டது. இப்போது கைக்கு வரும் தொகை, சென்ற ஆண்டு உண்மையில் கிடைத்த வேரியபிள், விட்டுவிட்டு வர வேண்டிய ஒருமுறைத் தொகை என்று தனித்தனியாகக் கேட்கிறோம். படிநிலை வரம்பை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்கிறோம். மேல் எல்லையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அந்தப் பேச்சு நேர்காணலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மொத்த ஊதியத்தில் படிகள் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் சேரும். எனவே 40 சதவீத அடிப்படை வைத்திருந்த நிறுவனங்களின் பழைய சம்பளச் சீட்டை இன்று அப்படியே எடுத்து ஒப்பிடக் கூடாது. மேலே உள்ள கணக்குகள் அதற்கு முந்தையவை.

மாறாதது ஒன்று: பணியில் இருப்பவர்களின் சம்பள எல்லையை வெளியில் சொல்ல ஒவ்வொரு முறையும் எச்.ஆர். தலைவரின் அனுமதி வேண்டும். அதிகாரிக்கே அந்த உரிமையைத் தர வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். கோப்பு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.